புது வீட்டுக்குக் காப்பரா, பிவிசியா: போர்வெல் தண்ணீர் வீடுகளுக்கான பைப் வழிகாட்டி

கூரைக் கான்கிரீட் போட்டு, செங்கல் கட்டுமானம் முடிந்து, பூச்சு தொடங்குவதற்கு முன்னால் பிளம்பர் வந்து நிற்பார். "என்ன பைப் சார் போடறது?" என்று கேட்பார். அன்றைக்குச் சொல்லும் பதில் சுவருக்குள் போய்விடும், பிறகு டைல்ஸை உடைத்தால்தான் மாற்ற முடியும். அதனால் அவர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே இந்த முடிவை எடுத்துவிடுவது நல்லது.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர் புறநகர், தரைத்தளமும் முதல் தளமும், மூன்று குளியலறை, ஒரு சமையலறை. போர்வெல் உண்டு, அது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் இணைப்பும் உண்டு, ஆனால் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும். கொங்குப் பகுதியில் பல புது வீடுகளின் நிலைமை இதுதான். ஓசூரிலோ சென்னை புறநகரிலோ கட்டுகிறவர்களுக்கும் எண்கள்தான் மாறும், யோசிக்கும் வழி மாறாது.

படி 1: முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

பைப் கடைக்குப் போவதற்கு முன்னால் ஆய்வகத்துக்குப் போங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம், தனியார் ஆய்வகங்களும் இருக்கின்றன. மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் சுத்தமான இரண்டு லிட்டர் கேனில் பிடியுங்கள். போட்டவுடனே வரும் தண்ணீர் பைப்பில் தேங்கிக் கிடந்தது, அதை வைத்துச் சோதித்தால் உண்மை தெரியாது.

அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை, காரத்தன்மை, பிஎச், சல்பேட், குளோரைடு ஆகியவை இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். கையடக்க டிடிஎஸ் மீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். சுண்ணாம்பாகப் படியக்கூடியது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

குடிநீருக்கான இந்தியத் தரம் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியில்லை என்றால் 600 வரை ஏற்கலாம். நம் உதாரண வீட்டின் போர்வெல்லில் கடினத்தன்மை 600, காரத்தன்மை 350 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இந்த இரண்டில் சிறியது எதுவோ, சூடுபடுத்தும்போது சுண்ணாம்பாக மாறக்கூடிய பகுதி ஏறக்குறைய அதுதான். ஆக, இங்கே 350. மீதி 250 கொதிக்க வைத்தாலும் கரைந்தபடியே இருக்கும், சோப்பு நுரைக்காமல் செய்யும், பைப்பை அவ்வளவாக அடைக்காது.

படி 2: படிவு எங்கே உண்டாகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

"காப்பர்ல உப்பு படியும், பிவிசில படியாது" என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. பிளாஸ்டிக்கின் உட்புறம் வழவழப்பானது, அரிப்பதும் இல்லை, அதனால் சுண்ணாம்பு அதில் பிடித்து நிற்பது கொஞ்சம் கஷ்டம். ஆனால் படிவை உண்டாக்குவது சூடு. கால்சியம் கார்பனேட் சூடான தண்ணீரில் குறைவாகத்தான் கரையும். 60 டிகிரியைத் தாண்டினால் படிவது வேகமாகும். எனவே அது முதலில் படிவது கீசரின் ஹீட்டர் காயிலில், அடுத்து கீசர் தொட்டியின் அடியில், அதன் பிறகு வெந்நீர் பைப்பிலும் ஷவர் துளைகளிலும். குளிர்நீர் பைப்பில், காப்பரானாலும் பிளாஸ்டிக்கானாலும், வருடக்கணக்கில் பெரிதாக எதுவும் சேராது.

பக்கத்து வீட்டில் இருபது வருடத்துப் பைப்பை அறுத்துப் பார்த்தபோது உள்ளே பென்சில்கூட நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது என்று சொல்வார்கள். அது பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பாக, அதாவது ஜிஐ பைப்பாக இருக்கும். துருவும் சுண்ணாம்பும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு வளர்ந்த அடைப்பு அது. காப்பரா பிளாஸ்டிக்கா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஜிஐ வேண்டாம் என்பது மட்டும் உறுதியாகிறது.

அளவு தெரிய ஒரு கணக்குப் போடலாம். வீட்டில் ஒரு நாளைக்கு 100 லிட்டர் வெந்நீர் செலவாகிறது. லிட்டருக்கு 350 மில்லிகிராம் படியக்கூடியது என்றாலும் எல்லாம் படிந்துவிடாது. பத்தில் ஒரு பங்கு படிகிறது என்று குறைவாகவே வைத்தாலும் நாளுக்கு 3.5 கிராம், வருடத்துக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல். அதில் பெரும்பகுதி கீசருக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். சுவருக்குள் எந்தப் பைப்பைப் போட்டாலும் இந்தக் கிலோக் கணக்கு மாறாது.

படி 3: வெந்நீருக்கான தண்ணீரைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்

கடின நீருக்கு மருந்து பைப் கடையில் இல்லை, மொட்டை மாடியில் இருக்கிறது என்பேன். வீட்டில் எப்படியும் இரண்டு டேங்க் வைக்கப்போகிறோம், ஒன்று உப்புத் தண்ணீருக்கு, ஒன்று நல்ல தண்ணீருக்கு. நல்ல தண்ணீர் டேங்கிலிருந்து சமையலறைக்கு மட்டும் லைன் இழுப்பதுதான் வழக்கம். அதே டேங்கிலிருந்து கீசர்களுக்கும் ஒரு லைன் இழுத்துவிட்டால் படிவுப் பிரச்சினை பெருமளவு முடிந்துவிடும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதி என்றால் இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது, அது அவ்வளவு மென்மையான நீர். வடிகட்டிச் சேமித்த மழைநீர் இருந்தால் அதையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிச் செய்யும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். குளியலறை மிக்சரில் வெந்நீர் ஒரு டேங்கிலிருந்தும் பச்சைத் தண்ணீர் இன்னொரு டேங்கிலிருந்தும் வந்து சேரும். இரண்டு டேங்கும் வெவ்வேறு உயரத்தில் இருந்தால், மிக்சர் வழியாக ஒரு டேங்கின் தண்ணீர் மற்றதற்குள் ஏறிவிடும். உப்புத் தண்ணீர் சமையலறைக் குழாயில் வர ஆரம்பித்து, காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் தேடுவார்கள். அதனால் இரண்டு டேங்கையும் ஒரே மட்டத்தில் வையுங்கள். மிக்சருக்குப் போகும் இரண்டு லைனிலும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடச் சொல்லுங்கள். புவியீர்ப்பில் ஓடும் லைன் என்பதால், லேசான அழுத்தத்திலேயே திறக்கும் வகை வால்வாகக் கேளுங்கள். கீசருக்குள் போகும் வழியில் வால்வு போடும்போது கீசரின் அழுத்தம் விடுவிக்கும் வால்வு வேலை செய்யும் நிலையில் இருப்பது கட்டாயம். சூடாகி விரியும் தண்ணீர் வெளியேற அதுதான் வழி.

நல்ல தண்ணீர் இணைப்பே இல்லை என்றால் கடினத்தன்மையை நீக்கும் கருவியான சாஃப்ட்னர்தான். அதிலும் முழு வீட்டுக்கும் போட வேண்டுமா என்று யோசியுங்கள். நாளுக்கு 500 லிட்டர் தண்ணீர், கடினத்தன்மை 600 என்றால், சாஃப்ட்னர் தினமும் 300 கிராம் கடினத்தன்மையை எடுக்க வேண்டும். அதற்குள் கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்ளும் மணிகளுக்கு ரெசின் என்று பெயர், ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் தாங்கும். 25 லிட்டர் ரெசின் உள்ள கருவிக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை உப்பு போட்டுக் கழுவ வேண்டியிருக்கும். வெந்நீருக்கு மட்டும், நாளுக்கு 150 லிட்டர் என்று தாராளமாக வைத்தாலும், அதே கருவி இரண்டு வாரம் தாங்கும். ஒவ்வொரு முறையும் நான்கு கிலோ அளவுக்கு உப்பு போகும், அந்தக் கழுவு நீரும் எங்கேயாவது போக வேண்டும். சாஃப்ட்னருக்கு அழுத்தம் தேவை, மாடி டேங்குக்குக் கீழே வைத்தால் சரியாக ஓடாது. மோட்டாரிலிருந்து மேலே ஏறும் வழியில் வைத்து, வெந்நீருக்கென்று ஒரு சிறிய டேங்கை நிரப்புவது எளிது.

படி 4: இப்போது பைப்பைத் தேர்ந்தெடுங்கள்

பிவிசி என்று பொதுவாகச் சொன்னாலும் கடையில் கிடைப்பவை வேறு வேறு. சாம்பல் நிற விவசாயப் பைப் வீட்டுக்குள் வேண்டாம். வெள்ளை யுபிவிசி பச்சைத் தண்ணீருக்கு மட்டும், வெந்நீர் பட்டால் இளகிவிடும். இளமஞ்சள் நிறச் சிபிவிசிதான் வெந்நீருக்கு. சுவருக்குள் போகும் எல்லா லைனுக்கும், பச்சைத் தண்ணீருக்கும் சேர்த்து, சிபிவிசியையே போடச் சொல்வேன். விலை வித்தியாசம் பெரிதில்லை. பிற்காலத்தில் யாராவது தவறான லைனில் கீசரை மாட்டினாலும் பைப் தாங்கும். மொட்டை மாடியிலும் வெளிச்சுவரிலும் வெள்ளை யுபிவிசி போதும்.

சிபிவிசியில் எஸ்டிஆர் 11, எஸ்டிஆர் 13.5 என்று இரண்டு வகை. எண் சிறியதானால் பைப்பின் சுவர் தடிமன் அதிகம். வெந்நீருக்கு 11 வாங்குங்கள். 82 டிகிரி சூட்டில் சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தம் தாங்கும் வகை அது. மாடி டேங்க் கொடுக்கும் அழுத்தம் பத்து அடிக்கு 0.3 கிலோதான், அதனால் அழுத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பைப்பின் மேல் ஐ.எஸ். 15778 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பரின் செலவைக் கடையில் கேட்பதற்கு முன் நீங்களே எடை போட்டுப் பார்க்கலாம். 22 மி.மீ. விட்டம், 0.9 மி.மீ. தடிமன் உள்ள குழாய் மீட்டருக்கு 530 கிராம் இருக்கும். நம் வீட்டுக்கு வெந்நீர் லைன் மட்டும் 35 மீட்டர் என்றால் பதினெட்டரை கிலோ. கிலோ 1,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் உலோகத்துக்கே 18,500 ரூபாய், குழாயாகச் செய்த கூலியும் லாபமும் தனி. முக்கால் அங்குலச் சிபிவிசி மீட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் அதே நீளத்துக்கு 3,500. அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள், விகிதம் ஐந்து மடங்குக்குக் கீழே வருவது கடினம். அப்புறம் எல்போ, டீ எல்லாம் அதே விகிதத்தில். நம் ஊர் பிளம்பர்களில் காப்பரை ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் குறைவு, ஏசி மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். இன்னொன்று, பூட்டாத வீட்டில் காப்பர் குழாயை இரவில் விட்டுவைத்தால் காலையில் இருக்குமா என்பது சந்தேகம்.

உழைப்பு என்று பார்த்தால் காப்பர் வெயிலுக்கும் அஞ்சாது, கொதிநீருக்கும் அஞ்சாது. ஆனால் எல்லாத் தண்ணீருக்கும் அது ஒத்துப்போகாது. பிஎச் 7க்குக் கீழே இருந்தால் காப்பர் மெல்லக் கரையும். குழாயடியில் வாஷ்பேசினில் நீலப்பச்சைக் கறை விழுவது அதன் அடையாளம். கார்பன் டைஆக்சைடும் சல்பேட்டும் மிகுந்த கடினமான கிணற்று நீர் ஓடும் குளிர்நீர்க் குழாயில் ஊசிமுனைத் துளைகள் விழுவதும் உண்டு. உப்பு போர்வெல்லுக்குக் குளிர்நீர் லைனில் காப்பர் போடுவது காசு கொடுத்து வம்பை வாங்குவது.

காப்பர் உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது, சோலார் ஹீட்டர். மே மாதத்தில் வீட்டில் நான்கு நாள் ஆளில்லாமல் போனால் சோலார் டேங்கில் தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் போய்விடும். சிபிவிசியின் எல்லையை அது தாண்டுகிறது. மேலே வெயில், உள்ளே கொதிநீர் என்றால் பைப் இளகித் தொங்கும், இணைப்புகள் வாய் விடும். சோலார் டேங்கின் வெளிவாயிலிலிருந்து மாடியில் ஓடி, ஷாஃப்டில் இறங்கி, முதல் குளியலறை வரைக்கும் காப்பர் போட்டு, மேலே ஃபோம் உறை சுற்றிவிடுங்கள். அங்கிருந்து பித்தளைத் திருகு வைத்த இணைப்பில் சிபிவிசிக்கு மாறிக்கொள்ளலாம். நம் வீட்டில் அது எட்டு முதல் பத்து மீட்டர்தான் வரும். மின்சாரக் கீசர் மட்டும் என்றால் காப்பர் தேவையே இல்லை.

படி 5: ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள்

அரை அங்குலச் சிபிவிசியின் உள்விட்டம் பன்னிரண்டு மி.மீ.க்குச் சற்று மேல். அதில் சுற்றிலும் 1 மி.மீ. சுண்ணாம்பு படிந்தால் அதே டேங்க் உயரத்தில் வரும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். முக்கால் அங்குலத்தில் அதே படிவு கால்வாசியைத்தான் குறைக்கும், அதுவும் ஏற்கெனவே நிறைய வரும் லைனில். டேங்கிலிருந்து இறங்குவது ஒன்றேகால் அல்லது ஒரு அங்குலம், ஒவ்வொரு குளியலறைக்கும் முக்கால், கடைசிக் குழாய்க்குப் பக்கத்தில் மட்டும் அரை என்று சொல்லிவிடுங்கள். காப்பருக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் சிறு பகுதி இதற்குப் போதும்.

படி 6: வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்

சிபிவிசி ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் பைப் அல்ல, ஒட்டிய விதம்தான். யுபிவிசிக்கான சொல்யூஷனைச் சிபிவிசிக்குப் போடுவதைப் பல இடத்தில் பார்க்கலாம். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். பைப்பை நேராக அறுக்க வேண்டும், பிசிறைச் சீவ வேண்டும், தூசி துடைக்க வேண்டும். பைப்பின் மேல் தாராளமாக, ஃபிட்டிங்குக்குள் மெல்லியதாகச் சொல்யூஷன் தடவி, கால் சுற்றுத் திருப்பிக்கொண்டே உள்ளே தள்ளி, அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். விட்டவுடன் பைப் பின்னால் நகர்ந்து வந்தால் அந்த இணைப்பை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். சுற்றிலும் மெல்லிய வளையமாகச் சொல்யூஷன் பிதுங்கி நின்றால் இணைப்பு சரி.

திருகு வரும் இடங்களில் டெஃப்லான் டேப் மட்டும். எண்ணெய் கலந்த பேஸ்ட்டும் சணலும் வேண்டாம், சில எண்ணெய்கள் சிபிவிசியில் மெல்லிய வெடிப்பை உண்டாக்கும். கரையான் மருந்து அடிப்பவர்களிடமும் பைப்பைச் சுற்றி மருந்து தேங்காமல் பார்க்கச் சொல்லுங்கள். கீசரின் வாயில் பிளாஸ்டிக் திருகை நேரடியாக மாட்டக் கூடாது. சுவரில் பித்தளை எல்போ, அங்கிருந்து கீசருக்கு உலோக நெளிகுழாய்.

சூட்டில் சிபிவிசி காப்பரைவிட மூன்றரை மடங்குக்கு மேல் நீளும். பத்து மீட்டர் நேர் ஓட்டம், நாற்பது டிகிரி ஏற்றம் என்றால் 25 மி.மீ. நீளம் கூடும். ஷாஃப்டில் இறங்கும் நீண்ட வெந்நீர் லைனில் நடுவே ஒரு வளைவு கொடுத்து, கிளாம்பை இறுக்கிவிடாமல் பைப் நழுவும்படி விட வேண்டும். சுவர்க் காடிக்குள்ளும் சிமெண்ட் இறுகக் கவ்வாதபடி வெந்நீர் பைப்புக்கு மெல்லிய ஃபோம் உறை போடுவது நல்லது.

ஒட்டி முடித்து ஒரு நாள் காய விட்டு, பூச்சுக்கு முன்னால் கைப்பம்பு வைத்துச் சோதியுங்கள். எல்லா வாயையும் டம்மி பிளக் போட்டு அடைத்து, காற்று முழுவதும் வெளியேறும்படி தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை 10 கிலோவுக்கு ஏற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். பம்பின் அழுத்தமானி முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். காற்றை ஏற்றிச் சோதிக்க விடாதீர்கள், பிளாஸ்டிக் வெடித்துச் சிதறும். சோதனை முடிந்ததும் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை விரித்து வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது உதவும்.

மாடியில் வெயில் படும் யுபிவிசிக்கு நீரில் கரையும் வெள்ளை எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கை அடித்துவிடுங்கள். அடிக்காவிட்டால் சில வருடத்தில் மாவு பூத்து, கால் இடறினாலே உடையும்.

படி 7: குடிவந்த பிறகு

கீசர் சூட்டை 55 டிகிரிக்குப் பக்கத்தில் வையுங்கள், படிவு கணிசமாகக் குறையும். முதல் வருடம் முடிந்ததும் ஒரு கீசரை மட்டும் திறந்து பாருங்கள். காயிலில் மெல்லிய வெள்ளைப் பொடி என்றால் அடுத்த இரண்டு வருடம் தொடத் தேவையில்லை. ஓடு ஓடாக உதிர்ந்தால் வருடம் ஒருமுறை சர்வீஸ். கீசர் தொட்டியை அரிப்பிலிருந்து காக்கும் மெக்னீசியக் கம்பி கரைந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடலாம்.

ஷவரில் தண்ணீர் குறைந்தால் எடுத்தவுடன் சுவரைச் சந்தேகப்பட வேண்டாம். வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டும் குறைந்திருந்தால் அடைப்பு ஷவர் தலையிலோ குழாய் முனைச் சல்லடையிலோதான். கழற்றி எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் இரவு ஊறப் போட்டால் போதும். வெந்நீர் மட்டும் குறைந்து, கீசர் சூடாகும்போது உள்ளே பொரிகிற சத்தமும் கேட்டால் படிவு கீசரில். கீசரைச் சுத்தம் செய்த பிறகும் வெந்நீர் சன்னமாகவே வந்தால், கீசரின் வெளிவாய் நெளிகுழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், சூடு அதிகமான பைப் பகுதி அதுதான் என்பதால் அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். அந்த நெளிகுழாய் சில நூறு ரூபாய்தான், புதிதாக மாற்றிவிடலாம்.